ஏரிக்கரையில் நிற்குமா?

“4-ஆம் தடம்: ஏரிக்கரை நிறுத்தம் சேர்ப்பதா? முடிவு.” ஒரு பள்ளியின் போக்குவரத்துப் பொறுப்பாளர் அனுப்பிய காலண்டர் அழைப்பின் தலைப்பு இது. இன்னொரு முறை நிதானமாகப் படித்துப் பாருங்கள். எந்தப் பேருந்து, எந்த இடம், என்ன கேள்வி, கூடி உட்கார்ந்து என்ன செய்யப்போகிறோம், எல்லாமே ஒரு மூச்சில் அடங்கிவிட்டன.

‘4-ஆம் தடம்’ முன்னால் வந்து நிற்கிறதே, அங்கேதான் முதல் அழகு. போனில் மாதக் காட்சியைத் திறந்தால் தலைப்பின் தொடக்கச் சொற்கள் மட்டுமே தெரியும், மிச்சம் வெட்டுப்பட்டுவிடும். ‘பள்ளிப் பேருந்து வழித்தடங்கள் தொடர்பான ஆலோசனைக் கூட்டம்’ என்றிருந்தால் ‘பள்ளிப் பேரு’ என்பதோடு நின்றிருக்கும். நம் பேச்சில் முக்கியமானது கடைசியில் வந்தாலும் குறையில்லை. தலைப்பில் அது முன்னுக்கு வரவேண்டும். அதை உணர்ந்து செதுக்கிய கைப்பக்குவம் இது.

இன்னொரு நுட்பமும் உண்டு. அனுப்புகிறவர் எழுதும் தலைப்பேதான் எல்லார் காலண்டரிலும் தெரியும். ‘கணக்காளருடன் பேச்சு’ என்றால் அனுப்பியவருக்குப் புரியும். கணக்காளரின் காலண்டரிலோ அவர் தம்மோடு தாமே பேசப்போவதாக நிற்கும். இந்தத் தலைப்பை ஓட்டுநர் படித்தாலும் முதல்வர் படித்தாலும் பொருள் ஒன்றே.

இனி விவரக் குறிப்பு:

“கூட்டம் முடியும்போது, ஜூன் முதல் ஏரிக்கரையில் பேருந்து நிற்குமா நிற்காதா என்பது முடிவாகியிருக்க வேண்டும். நின்றால் 11 பிள்ளைகள் ஏறுவார்கள். பள்ளி வந்துசேர 7 நிமிடம் கூடும். நேரக் கணக்கை இணைத்திருக்கிறேன், வருமுன் பார்த்துவிடுங்கள். காலை நெரிசலைப் பற்றி ஓட்டுநர் சொல்வார். வர முடியாதவர்கள் புதன் மாலைக்குள் கருத்தை எழுதி அனுப்புங்கள். கட்டணம் பற்றிய பேச்சு இதில் இல்லை.”

முதல் வாக்கியத்தில் எதைப் பற்றிப் பேசுவோம் என்று இல்லை; எது கையில் கிடைத்ததும் எழுந்து போகலாம் என்று இருக்கிறது. என்ன தெளிவு! அடுத்து, 11 பிள்ளைகளும் 7 நிமிடமும் எதிரெதிரே நிற்கின்றன. எதற்கு எதை விட்டுக்கொடுப்பது என்ற யோசனை வீட்டிலேயே தொடங்கிவிடும். ஓட்டுநரைப் பற்றிய வரி எனக்கு மிகவும் பிரியமானது. தம்மை ஏன் அழைத்திருக்கிறார்கள் என்ற தயக்கம் அவருக்கு இராது. பேசவேண்டியதை யோசித்துக்கொண்டே வருவார். கடைசி வரியோ மென்மையாக வேலி போடுகிறது. கட்டணப் பேச்சு நுழைந்தால் நிறுத்தம் அன்று முடிவாகாது.

ஒருவரின் சம்பளமோ அவர்மீதான புகாரோ பேச்சானால் மட்டும் இத்தனை தெளிவு தலைப்பில் வேண்டாம். பல அலுவலகங்களில் ஒருவர் காலண்டர் மற்றவர் கண்ணிலும் படும்.

அடுத்த அழைப்பை அனுப்புமுன் ‘கூட்டம் முடியும்போது’ என்று தொடங்கி ஒரு வாக்கியம் எழுதிப் பாருங்கள். அது வராவிட்டால், வரும்வரை அழைப்பை அனுப்பாதீர்கள்.