மத்தியானத்தில் தானாக நிரம்பும் தாங்கி

வாயுவொன்றில் ஒலியின் வேகம் தனிவெப்பநிலையின் வர்க்கமூலத்துக்கு நேர்விகிதசமமானது என்று உயர்தரப் பௌதிகவியலில் எழுதிப் புள்ளி வாங்கிவிட்டுத்தான் நீங்கள் கிளிநொச்சி அறிவியல் நகருக்கு வந்திருக்கிறீர்கள். அந்த வரியைக் கண்ணால் பார்த்திருக்கிறீர்களா? முதலாம் வருடத்திலேயே பார்க்கலாம். ஒரு ஆர்டுயினோ ஊனோ, எச்.சி.-எஸ்.ஆர்.04 என்ற மீயொலிச் சென்சர், விடுதிக் கூரையிலோ வீட்டுக் கூரையிலோ இருக்கும் ஒரு கறுப்புத் தண்ணீர்த் தாங்கி, இவ்வளவும் போதும்.

சென்சரைத் தாங்கியின் மூடியில் கீழ்நோக்கிப் பொருத்துங்கள். ஆர்டுயினோ 10 மைக்ரோசெக்கன் நீளமான ஒரு துடிப்பைக் கொடுத்ததும், சென்சர் காதுக்குக் கேட்காத 40 கிலோஹேட்ஸ் ஒலியை எட்டுத் துடிப்புகளாக அனுப்புகிறது. ஒலி தண்ணீரில் பட்டுத் திரும்பிவர எடுத்த நேரத்தை, அந்தத் துடிப்பைக் கொடுத்த உடனேயே, 10ஆம் முனையில் நாம் வாசிக்கிறோம்:

```
long t = pulseIn(10, HIGH, 30000);
float cm = t * 0.0343 / 2;
Serial.print(t);
Serial.print("  ");
Serial.println(cm);
```

தாங்கிக்குப் போக முன், மேசையில் வைத்து இதை ரசிக்கப் பழகுங்கள். பெரும்பாலானோர் cm-ஐ மட்டும் பார்த்துவிட்டு எழும்பிவிடுவார்கள். சுவையெல்லாம் t-இல் இருக்கிறது. சென்சருக்கு முன்னால் ஒரு கொப்பியைப் பிடித்து, ஒரு சென்ரிமீற்றர் பின்னே நகர்த்துங்கள். t ஏறத்தாழ 58 கூடும். ஒலி போய்வரும் இரண்டு சென்ரிமீற்றருக்கான நேரம் அது. கொப்பியைச் சரித்தால் எண் தடுமாறும். எதிரொலி வேறு பக்கம் போய்விட்டது. புத்தகத்தில் தெறிப்புக் கோணமென்று படித்தது இப்போது உங்கள் கையின் சரிவாக இருக்கிறது.

இனித் தாங்கிக்கு வாருங்கள். யாரும் தண்ணீர் எடுக்காத, யாரும் நிரப்பாத ஒரு நாளாகப் பார்த்துக்கொள்ளுங்கள். மூடியிலிருந்து தண்ணீர் சரியாக 100 சென்ரிமீற்றர் கீழே நிற்கிறது என்று வைப்போம். இரவில் உள்ளே 25 பாகை. திரை 99 காட்டும். வெயில் ஏறி உள்ளேயிருக்கும் காற்று 40 பாகையைத் தொடும்போது அதே திரை 96.5 காட்டும். ஒரு சொட்டும் சேராமல் நீர்மட்டம் இரண்டரைச் சென்ரிமீற்றர் உயர்ந்துவிட்டது!

சென்சர் பழுது என்று கழற்ற வேண்டாம். நாம் எழுதிய 0.0343 என்ற எண் 20 பாகைக் காற்றுக்குரியது. வன்னியின் மத்தியான வெயிலில் ஒலி அதைவிட விரைவாக ஓடுகிறது, t குறைகிறது, தண்ணீர் கிட்ட வந்ததுபோல் தெரிகிறது. தனிவெப்பநிலையில் 313-ஐ 298-ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுங்கள்: 1.025. திரை காட்டிய இரண்டரைச் சதவீதம் அதுதான். நீங்கள் புள்ளி வாங்கிய சமன்பாடு தாங்கிக்குள்ளிருந்து தன் எண்ணைச் சொல்லுகிறது. இதைவிட நல்ல இடத்தில் அதைச் சந்திக்க முடியாது என்பது என் எண்ணம்.

திருத்துவதும் இலகு. டி.எஸ்.18பி20 என்ற வெப்பநிலைச் சென்சரை மூடிக்குக் கீழே, நீருக்குள் அல்லாமல் காற்றில் தொங்கவிட்டு, ஒலி வேகத்தைக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள்:

```
float v = 331.3 + 0.606 * T;   // m/s
float cm = t * v / 20000;
```

மேலே 40 பாகையும் நீரருகே 30 பாகையும் இருந்தால் சிறு பிழை மிஞ்சும். அது எவ்வளவு என்று ஊகித்து, பின் அடிமட்டத்தால் அளந்து பாருங்கள்.

இன்னொன்று, இது ஆபத்தானது. எதிரொலி திரும்பாவிட்டால் pulseIn பூச்சியத்தைத் தரும். அப்போது தூரமும் பூச்சியம். தாங்கி விளிம்புவரை நிரம்பியதாக நிரல் நம்பும். சென்சர் முகத்தில் நீராவி படிந்தாலே இது நடக்கலாம். மோட்டரை நிறுத்தும் வேலையை இதனிடம் கொடுத்திருந்தால், வெறும் தாங்கியோடு மோட்டர் நின்றுபோகும். திரையில் t-ஐயும் அச்சிடச் சொன்னது இதற்காகவும்தான்: cm மட்டும் இருந்தால் 0 என்பது நிறைந்த தாங்கி போலத் தோன்றும்; t-உம் 0 என்று கண்டால் எதிரொலியே வரவில்லை என்று புரியும். t பூச்சியமென்றால் அந்த வாசிப்பை எறியுங்கள். ஐந்து வாசிப்புகளை வரிசைப்படுத்தி நடுவிலுள்ளதை எடுத்தால், குழாயில் பட்டுவரும் கள்ள எதிரொலியும் பெரும்பாலும் போய்விடும். எண்கள் ஒரு கிழமை நம்பிக்கையாக வரும்வரை 230 வோல்ற் மோட்டர்ப் பக்கம் போக வேண்டாம்.

இதையே இரணைமடுக் குளத்துக்கு வைக்கலாமா என்று உங்களில் யாராவது கேட்பீர்கள். 2018 டிசம்பர் வெள்ளத்தைக் கண்டவர்களுக்கு அந்தக் கேள்வி இயல்பானது. இந்தச் சென்சரின் எல்லை 4 மீற்றர்; குளத்தின் முழு மட்டமான 36 அடி என்பது ஏறத்தாழ 11 மீற்றர். அங்கே நீரின் அடியில் அமுக்கத்தை அளக்கும் சென்சர் பொருந்தும். ஒவ்வொரு மீற்றர் ஆழத்துக்கும் ஏறத்தாழ 9.8 கிலோபஸ்கால் கூடும், வெயில் எவ்வளவு ஏறினாலும் அந்த எண் அதிகம் அசையாது. அதை முதலில் ஒரு வாளித் தண்ணீரில் செய்து பாருங்கள்.