இருபத்து நான்கு மணி நேரக் கதை

மறைமலை அடிகளின் 'கோகிலாம்பாள் கடிதங்கள்' 1921இல் வந்த நாவல். கதையை நடத்திச் செல்பவை முழுக்கக் கடிதங்களே. கோகிலாம்பாள் எழுதுவது காதலன் ஒருவனுக்கு என்பதால், மனத்தில் உள்ளதை மறைக்கத் தேவையில்லை.

வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் எழுதும் கதைக்கு அந்தச் சலுகை கிடையாது. பெரியப்பா பார்ப்பார், பழைய டீச்சர் பார்ப்பார், பேச்சு நின்றுபோன சிநேகிதியும் பார்ப்பாள். எல்லோருக்கும் பொதுவாக எழுதிக்கொண்டே ஒருவருக்கு மட்டும் சொல்ல வேண்டும்.

ஜெனிஃபர் ஈகன் 2012 மே இறுதியில் தொடங்கி 'பிளாக் பாக்ஸ்' கதையை நியூயார்க்கர் இதழின் ட்விட்டர் கணக்கில் பத்து இரவுகள் வெளியிட்டார். ஒவ்வொரு துண்டும் 140 எழுத்துகளுக்குள். துண்டுக்கும் துண்டுக்கும் இடையில் வாசகரைக் காக்க வைப்பதை அவர் அருமையாகச் செய்தார். ஆனால் அவை ஓர் உளவுப் பெண்ணின் மனக்குறிப்புகள். ஊரார் பார்க்கப் போட்டவை அல்ல.

மண்டூர்ப் பெண் ஒருத்தி லண்டனுக்குப் படிக்கப் போகிறாள் என்று வைத்துக்கொள்வோம். ஜூன் 3: குருமண்வெளித் துறைக்குப் போகும் படகுப்பாதையில் அம்மாவோடு ஒரு படம். 'ஐ.ஈ.எல்.டி.எஸ். பாஸ். மறுகா பாப்பம்.' ஜூன் 19: 'மூண்டாம் தரமும் கச்சேரி. பேரில ஒரு எழுத்துப் பிழை.' ஜூலை 1: அடுப்படியில் அம்மா, கையில் அகப்பை. 'அம்மாட கை ருசி.' ஜூலை 29: 'பேங்க் கடிதம் கிடைச்சிட்டு!'

பிரித்தானிய மாணவர் விசாவுக்குக் காட்டும் பணம் தொடர்ந்து 28 நாள் கணக்கில் கிடக்க வேண்டும். ஜூலை 1 முதல் எண்ணினால் 28ஆம் தேதி அது நிறைகிறது. முதல் படத்தில் அம்மாவின் கழுத்தில் சங்கிலி இருந்தது. அடுப்படிப் படத்தில் இல்லை.

வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் 24 மணி நேரத்தில் மறைந்துவிடும். ஆகவே இரண்டு படங்களையும் அருகருகே வைத்துப் பார்க்கும் வாய்ப்பு ஊராருக்கு இல்லை, கதை வாசகருக்கு மட்டுமே உண்டு. இந்த வடிவத்தின் பலமே இதுதான் என்று தோன்றுகிறது.

பெரும்பாலான முயற்சிகள் இந்த இடத்தில்தான் சறுக்குகின்றன. 'விசாவுக்காக அம்மா சங்கிலியை அடகு வைத்தார்' என்று அந்தப் பெண்ணையே எழுத வைத்துவிடுகிறார்கள். பெரியப்பா பார்க்கும் இடத்தில் எந்தப் பிள்ளை அதைப் போடும்? ஒரு வரி வாசகருக்கு விளக்கம் சொல்கிறதா, அவளுடைய ஆட்களிடம் பேசுகிறதா என்று கேட்டாலே பிழை தெரிந்துவிடும்.

கடைசி ஸ்டேட்டஸுக்குச் சொல்லே வேண்டாம். கொழும்புக்குப் போகும் ராத்திரி பஸ்ஸின் கண்ணாடி, வெளியே இருட்டு, நேரம் 2.10. பார்த்தவர் பட்டியலில் ஒரே பெயர்: அம்மா, 2.11.