தடை வளர்த்த சினிமா: மணிப்பூரை முன்வைத்துச் சில குறிப்புகள்

சிறிய மொழிகளின் சினிமா என்று பேச்செடுத்தாலே நம் நண்பர்கள் 'பாலிவுட் விழுங்கிவிட்டது' என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். மணிப்பூர் விஷயத்தில் இந்த விளக்கம் செல்லுபடியாகாது. 2000-இல் புரட்சிகர மக்கள் முன்னணி என்கிற தலைமறைவு அமைப்பு இந்திப் படங்களைத் தடை செய்தது. அதற்குப் பிறகு இருபது வருடங்களுக்கும் மேலாக இம்பால் திரையரங்குகளில் இந்தி இல்லை. எதிரி களத்திலேயே இல்லை. இருந்தும் அந்தச் சினிமா ஏன் பள்ளத்தாக்கைத் தாண்டி வரவில்லை?

தடை வந்த உடனே மணிப்பூரிப் படம் தழைத்துவிடவில்லை என்பதைக் கவனிக்கவேண்டும். முதலில் அடிபட்டது திரையரங்குதான். 1972-இல் 'மாதம்கி மணிப்பூர்' வந்ததிலிருந்து மணிப்பூரியில் வருடத்துக்கு ஒன்றோ இரண்டோ படம்தான். மீதி நாட்களில் தியேட்டர்காரரின் விளக்கு எரிந்தது இந்திப் படத்தால். அது நின்றதும் பல கொட்டகைகள் மூடப்பட்டன. உள்ளூரில் படம் எடுத்து நிரப்பலாமென்றால், பிலிம் சுருள் வாங்கவேண்டும், கழுவுவதற்குக் கல்கத்தாவுக்கு அனுப்பவேண்டும், பிரதி போடவேண்டும். 2011 கணக்கெடுப்பில்கூட மணிப்பூரி பேசுவோர் இந்தியா முழுவதும் சுமார் 17.6 லட்சம் பேர்தான். பத்தில் ஒருவர் டிக்கெட் வாங்கினாலும் 1.76 லட்சம் டிக்கெட். உள்ளூர் டிக்கெட் விலையில் பிலிம் செலவை இதற்குள் எடுப்பது நடக்கிற காரியமில்லை.

வழியைத் திறந்தது வீடியோ காமிரா. 2002-இல் ஓகென் அமக்சம் இயக்கிய 'லம்மை' வீடியோவில் எடுக்கப்பட்டுத் திரையரங்கில் புரொஜக்டர் வைத்துக் காட்டப்பட்டது. சுருளும் லேபும் கணக்கிலிருந்து விழுந்தன. சில வாரங்களில் படம் முடிக்கலாம் என்றாயிற்று. தழைப்பு இதற்குப் பிறகுதான். ஆக, தடை சந்தையைக் காலி செய்து கொடுத்தது, வீடியோ அதை நிரப்பியது. இரண்டில் ஒன்று இல்லாவிட்டால் இன்று அங்கே சினிமா இருந்திருக்காது.

ஆனால் காப்பாற்றிய வேலியே அடைத்தும் வைத்தது. பல வீடியோ படங்கள் உள்ளூர்த் திரைப்பட மன்றத்தின் அனுமதியோடு வெளிவந்தன. மாநிலத்துக்கு வெளியே கொட்டகையில் போட மத்தியத் தணிக்கைச் சான்று வேண்டும், சப்டைட்டில் வேண்டும். உள்ளூரில் போட்ட காசு உள்ளூரிலேயே திரும்பிவிடும் என்கிறபோது, அந்தக் கூடுதல் செலவை எந்தத் தயாரிப்பாளர் செய்வார்? சொல்லப்போனால் அவருக்கு வெளிப் பார்வையாளர் தேவையே இல்லை. இன்னொரு வேடிக்கை: இந்தி வெளியேறினாலும் அதன் இலக்கணம் வெளியேறவில்லை. பாட்டு, சண்டை, தியாகக் காதலி எல்லாம் மணிப்பூரி பேசிக்கொண்டு திரும்பி வந்தன. தடை படத்தைத்தான் நிறுத்தும், பழகிய கண்ணை நிறுத்தாது. காலியான இடத்தில் கொரியப் படங்களும் வந்து உட்கார்ந்தன; நம்மவர்கள் குடியேறி வாழும் எல்லையூரான மோரே வழியாகத் திருட்டு டிஸ்க்குகள் போய்க்கொண்டிருந்தன.

இனி 'சிறந்த படங்கள்' கதைக்கு வருவோம். அரிபம் ஸியாம் சர்மாவின் 'இமாகி நிங்தெம்' (1981) 1982-இல் நாந்த் விழாவில் முதல் பரிசு வாங்கியது. தாயில்லாப் பையன் ஒருவனை, அவன் அப்பாவின் மனைவியே தேடி வந்து ஏற்றுக்கொள்கிற கதை. எழுதியவர் எம்.கே.பினோதினி தேவி. அதே இருவரின் 'இஷானௌ' (1990) 1991-இல் கான் விழாவுக்குப் போனது. தெய்வம் அழைத்ததாகக் கணவனையும் குழந்தையையும் விட்டு மைபி ஆகிவிடும் பெண்ணைப் பற்றியது. இவை தடைக்கு முந்தியவை என்பது முக்கியம். அவை வெளியே வந்த பாதை வேறு: தேசிய விருது, விழா, பிலிம் சொசைட்டி, அப்புறம் தூர்தர்ஷனின் ஞாயிறு மத்தியானம். எங்கள் ஊரில் வேறு சேனல் இல்லாத காலத்தில், கேட்டறியாத மொழிப் படங்களை ஆங்கில சப்டைட்டிலோடு சும்மா உட்கார்ந்து பார்த்தவன் நான். அரசின் தேசியம் தன் அலங்காரத்துக்காகச் செய்ததுதான், மறுக்கவில்லை. ஆனால் டிக்கெட் கணக்குப் பார்க்காத ஒரே விநியோகஸ்தர் அவர்தான். தனியார் சேனல்கள் பெருகியபின் அந்த மத்தியானமும் போயிற்று.

அதனால் ஒரு பிளவு. உள்ளூரில் பிழைக்கிற சினிமாவுக்கு வெளியே போகும் தேவையில்லை. வெளியே போகத் தகுந்த சினிமாவுக்கு விழாவோடு பாதை முடிகிறது. நாந்துக்கும் சில்சாருக்கும் நடுவே எதுவும் இல்லை. சில்சாரைச் சுற்றியுள்ள பராக் பள்ளத்தாக்கில் மணிப்பூரி பேசுகிறவர்களே இருக்கிறார்கள், அது வேறு விஷயம்.

2023-இல் 'இஷானௌ' புதுப்பிக்கப்பட்டு மறுபடி கானில் காட்டப்பட்டது. புதுப்பிக்கும் வேலையில் ஒரு பகுதி நடந்தது நம் சென்னையில், பிரசாத் கூடத்தில். அந்த வருடம் இங்கே அதை டிக்கெட் எடுத்துப் பார்க்க வழியுண்டா என்று நானும் இரண்டு நண்பர்களும் கேட்டுப் பார்த்தோம். ஒரு தியேட்டர் மேனேஜர், "அது என்ன சார், டப்பிங் படமா?" என்றார். அதே மே மாதத்தில்தான் மணிப்பூர் பற்றி எரியத் தொடங்கியது.