அனுப்பிய காசும் ஆன செலவும்

திரியாயில் வயலை நம்பிய வீட்டுக்குக் காசு போகத்துக்குப் போகம்தான் வரும். பெரும்போக நெல் வெட்டி, மூட்டை விற்று, உரக்கடனும் உழவுகூலியும் கொடுத்தபின் மிஞ்சுவதுதான் கைக்காசு. யாழ்ப்பாணத்திலோ பேராதனையிலோ படிக்கும் பிள்ளைக்கு அறை வாடகையும் சாப்பாடும் மாதாமாதம் வேண்டும். வரவு ஒரு தாளத்திலும் செலவு இன்னொரு தாளத்திலும் நடப்பதால், அனுப்பிய காசையும் பிள்ளை செலவழித்த காசையும் மாதமுடிவில் ஒப்பிட்டுப் பார்க்கும் வழக்கம் இப்படியான வீடுகளுக்கு இயல்பாகவே வந்துவிடுகிறது. பிள்ளை தொலைபேசியில் செலவுகளைச் சொல்ல, வீட்டில் ஒருவர் கொப்பியில் எழுதிக் கூட்டுவார். இந்தக் கணக்கு எதைக் காட்டுகிறது, எதை மறைக்கிறது?

கற்பனையான ஒரு மாதத்தை எடுத்துக்கொள்வோம். மகள் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். திருநெல்வேலியில் ஒரு வீட்டில் இன்னொரு பிள்ளையோடு அறை எடுத்திருக்கிறாள். வீட்டிலிருந்து போன காசு 25,000 ரூபாய். மாதத் தொடக்கத்தில் அவள் கையில் 1,200 ரூபாய் இருந்தது, முடிவில் 600 மிஞ்சியது. அப்படியானால் கையைவிட்டுப் போனது 25,600. அவள் எழுதிவைத்த செலவைக் கூட்டினால் 23,400தான் வருகிறது. 2,200 ரூபாய்க்குக் கணக்கில்லை.

பெற்றோர் முதலில் பிடிப்பது இந்த 2,200ஐத்தான். விசாரித்தால் அதில் 1,000 ரூபாய் அறைத்தோழிக்குக் கொடுத்த கைமாற்று. மிச்சம் தேத்தண்ணீர், ரீலோட், போட்டோகொப்பி என்று எழுத மறந்த சில்லறை. ஆனால் எழுதாத சில்லறையைவிட முக்கியமான ஒன்று கொப்பிக்கு வெளியே கிடக்கிறது. சாப்பாட்டுக் கடையில் அவள் 1,800 ரூபாய் கடன் வைத்திருக்கிறாள். காசு கைமாறாததால் அது எந்தப் பட்டியலிலும் ஏறவில்லை. கைமாற்றைக் கழித்து, கடைக்கடனைக் கூட்டினால் அந்த மாதத்தின் உண்மையான செலவு 26,400. அனுப்பிய காசு 1,400 ரூபாயால் போதவில்லை. ஆனால் கையில் 600 மிஞ்சியிருப்பதைப் பார்த்த வீடு, மாதம் சமாளிக்கப்பட்டுவிட்டது என்றே நினைத்திருக்கும். கையிருப்பை மட்டும் பார்க்கும் கணக்கின் முதல் குறை இது: கடன் வளர்ந்து பெரிதான பிறகுதான் தெரியவரும்.

இரண்டாவது குறை இன்னும் நுட்பமானது. கடைக்கடன் இல்லாத இன்னொரு மாதத்தைப் பாருங்கள். சாப்பாட்டுக்கு வீட்டில் போட்ட மதிப்பு நாளுக்கு 400 ரூபாய்படி 30 நாளுக்கு 12,000. மகள் எழுதியது 11,700. 300 ரூபாய் மிச்சம் என்று பார்த்தால் நல்ல செய்திதான். ஆனால் அந்த மாதம் அவள் நாலு நாள் திரியாய்க்கு வந்து நின்றவள். கடையில் சாப்பிட்டது 26 நாள்தான். 11,700ஐ 26ஆல் பிரித்தால் நாளுக்கு 450 ரூபாய். வீட்டுக்கு வந்ததால் 1,600 ரூபாய் குறைந்திருக்கிறது, விலை ஏறியதால் 1,300 கூடியிருக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று மறைத்துக்கொண்டு 300 ரூபாய் மிச்சமாக வெளியே தெரிகின்றன. அடுத்த மாதம் அவள் 30 நாளும் அங்கேயே நின்றால் 13,500 வேண்டும். அப்போது துண்டுவிழும் 1,500ஐப் பார்த்து, “போன மாதம் காணும் எண்டாய், இந்த மாதம் ஏன் பிள்ளை காணாது?” என்று கேட்பார்கள். கேள்வி பிள்ளையிடம் போகும். காரணமோ கடைக்காரரின் விலைப்பலகையில் இருக்கும்.

இதே எண்ணுக்கு இன்னொரு கதையும் பொருந்தும். நாளுக்கு 450 என்றால் வேளைக்கு 150. மகள் வீட்டுக்கே வராமல், மாதத்தில் 12 வேளை சாப்பிடாமல் விட்டிருந்தாலும் மிஞ்சும் 78 வேளைக்கு அதே 11,700தான் வரும். வீட்டுச் சோறு சாப்பிட்டதால் வந்த மிச்சமா, பட்டினியால் வந்த மிச்சமா என்பதை ரூபாய்க் கணக்கால் பிரிக்க முடியாது. சிக்கனமான பிள்ளை என்று வீடு பெருமைப்படும் மாதம் அவள் மதியச் சாப்பாட்டைத் தண்ணீரோடு முடித்த மாதமாகவும் இருக்கக்கூடும்.

2022இல் இந்தக் குறை வெளிப்படையாகவே தெரிந்தது. அந்த ஆண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் ஏறத்தாழ 95 சதவீதம். ஒரு வருடத்துக்கு முன் போட்ட மாதக் காசு பாதிச் சாப்பாட்டுக்குச் சற்றுக் கூடவே வாங்கும் நிலை. அப்படியான காலத்திலும் அனுப்பிய தொகைக்குள்ளேயே செலவு நின்றது என்று ஒரு கொப்பி காட்டினால், குறைந்தது பிள்ளையின் தட்டில்தான்.

மூன்றாவது சிக்கல் மாதம் என்ற அளவிலேயே இருக்கிறது. மகாபொலப் புலமைப்பரிசிலை எடுத்துக்கொள்ளுங்கள். 2025 வரவு செலவுத் திட்டம் அதை 5,000 ரூபாயிலிருந்து 7,500 ஆக்கியது. வீட்டில் உடனே மாதம் 7,500 என்று கழித்து, மிச்சத்தை அனுப்பத் தொடங்குவார்கள். ஆனால் அது ஆண்டுக்குப் பத்துத் தவணைதான் கிடைக்கும். 75,000ஐப் பன்னிரண்டு மாதத்துக்குப் பங்கிட்டால் மாதத்துக்கு 6,250தான். தவணை பிந்தினால் சில மாதங்களில் ஒன்றும் வராது, பிறகு ஒரு மாதத்தில் சேர்ந்து வரும். அந்த மாதம் பிள்ளை தாராளமாகச் செலவழித்ததுபோலத் தோன்றும். உண்மையில் பழைய கைமாற்றுகளைத் திருப்பிக் கொடுத்திருப்பாள். அறைக்கு முற்பணம், பாடநெறி தொடங்கும்போது வாங்கும் பொருட்கள், திருகோணமலைக்கு வந்து பஸ் மாறித் திரியாய்க்கு வரும் போக்குவரத்து எல்லாம் இப்படி மொத்தமாக வரும் செலவுகள். இவற்றை வருட அளவில் தனியாகப் போட்டுப் பன்னிரண்டால் பிரித்து வைக்காவிட்டால், ஒவ்வொரு பருவத் தொடக்கமும் ஊதாரித்தனமாகவே தெரியும்.

இவ்வளவு குறையிருந்தும் இந்த வழக்கத்தைக் கைவிடச் சொல்ல முடியாது. கணக்கில்லாத வீட்டில் காசு போதாமை ஒரு நகை அடகாகத்தான் முதலில் தெரியவருகிறது. எழுதிய வீட்டுக்கு விலை ஏறிய மாதமே அது தெரியும். அடுத்த போகம் நெல் விற்கும்போது எவ்வளவை ஒதுக்க வேண்டும் என்றும் தெரியும். வயல் வருமானக்காரருக்கு இந்தக் கொப்பியின் பெரிய பயன் அதுதான். போகத்தில் கிடைத்த மொத்தத்தை ஆறு மாதத்துக்குப் பிரிக்க அவரிடம் வேறு ஆதாரமில்லை.

ஆகவே திருத்த வேண்டியது எதை எழுதுகிறோம் என்பதை. ஒவ்வொரு தேத்தண்ணீரையும் கேட்டால் பிள்ளை சில மாதங்களில் கணக்கை வீட்டுக்கு ஏற்றாற்போல் தயாரிக்கப் பழகிவிடும். எல்லா மாதமும் ரூபாய் பிசகாமல் ஒத்துவரும் கொப்பிதான் சந்தேகத்துக்குரியது. பத்து வீதத்துக்குள் வரும் விளக்கமில்லாத சில்லறையைக் கேட்காமல் விட்டுவிடலாம். அதற்குப் பதிலாகக் கையிருப்போடு மூன்று விபரங்களை மாதம் ஒருமுறை கேட்டால் போதும்: அங்கே எத்தனை நாள் நின்றாள், ஒரு சாப்பாடு இப்போது என்ன விலை, யாருக்கு எவ்வளவு கொடுத்து யாரிடமிருந்து எவ்வளவு வாங்க வேண்டும்.

கடைசி விபரத்தைப் பிள்ளை உண்மையாகச் சொல்வதற்கு ஒரு நிபந்தனை உண்டு. கடனைச் சொன்ன மாதத்தில் அவளுக்குப் பேச்சு விழக்கூடாது. அந்த உறுதி இல்லாத வீட்டில் எவ்வளவு நேர்த்தியாகக் கொப்பி எழுதினாலும், அதில் பதிவாவது செலவு அல்ல, வீட்டுக்குச் சொல்லத் துணிந்த செலவு மட்டுமே.