கதவுக்கு வெளியே நின்றவள்

என் ஊர் கீழ்புத்துப்பட்டு. கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே சில கிலோமீட்டர் போனால் காலாப்பட்டில் புதுவைப் பல்கலைக்கழகம். வடக்கே போனால் மரக்காணம் உப்பளங்கள். 1985இல் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டபோது நான் சிறுமி. அம்மா விடியுமுன் வடக்கே போகிற பேருந்தில் ஏறிவிடுவாள். தெற்கே போக எங்கள் வீட்டில் யாருக்கும் காரணம் இருந்ததில்லை. நான் பிறகு படித்ததும் இப்போது பாடம் நடத்துவதும் வேறு ஊர்களில்தான். ஆனாலும் வகுப்பில் ஒரு பெண் வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கும்போதெல்லாம் அந்தச் சாலைதான் நினைவுக்கு வருகிறது.

அந்த மௌனத்தை விளக்க, பிரெஞ்சுச் சமூகவியலாளர் பியர் பூர்தியூவின் இரண்டு சொற்களை இப்போது பலரும் பயன்படுத்துகிறார்கள். ஒன்று ஹாபிட்டஸ், மற்றொன்று பண்பாட்டு மூலதனம். சொற்கள் நல்லவைதான். அவற்றை நாம் யாரை நோக்கித் திருப்புகிறோம் என்பதில்தான் எனக்குச் சண்டை.

ஹாபிட்டஸ் என்றால் வாழ்ந்த வாழ்க்கை உடம்பில் படிந்து, யோசிக்காமலே நம்மை நடத்துகிற பழக்கம். என் அம்மாவை வைத்துச் சொல்கிறேன். உப்பளத்தில் நீர் சுமார் 25 பாகை அடர்த்திக்கு வரும்போது உப்பு படியத் தொடங்கும். 30ஐத் தாண்டவிட்டால் மக்னீசிய உப்புகளும் சேர்ந்து கசக்கும். அதற்குள் அந்த நீரை வெளியேற்ற வேண்டும். படித்தவர்கள் இதை அளவுகருவியில் பார்ப்பார்கள். அம்மா கையை நனைத்து எடுத்து, “வழவழன்னு வருது, தொறந்து வுடுங்க” என்பாள். எப்படித் தெரியும் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. இருபது வருடம் வெயிலில் நின்ற உடம்புக்குத் தெரியும்.

பல்கலைக்கழகத்துக்கும் இப்படி ஒரு கைப்பதம் உண்டு. எப்போது கேள்வி கேட்கலாம், பேராசிரியரோடு எந்த அளவுக்கு முரண்படலாம், பரிந்துரைக் கடிதத்தை யாரிடம் எப்படிக் கேட்பது என்பதெல்லாம் அதில் அடங்கும். படித்த குடும்பத்துப் பிள்ளைக்கு இது சாப்பாட்டு மேசையிலேயே கிடைத்துவிடுகிறது. அதைத்தான் பூர்தியூ பண்பாட்டு மூலதனம் என்றார். பணத்தைப் போல ஒரே நாளில் கைமாற்ற முடியாதது அது. உடம்பில் ஏறக் காலம் பிடிக்கும். பஸ்ரோனுடன் சேர்ந்து 1964இல் அவர் எழுதிய ‘வாரிசுகள்’ என்ற நூலின் குற்றச்சாட்டு கல்வி நிறுவனத்தின் மேல்தான். தான் சொல்லித்தராத ஒன்றை அது மாணவரிடம் எதிர்பார்க்கிறது. அது இருப்பவரைத் திறமைசாலி என்கிறது, இல்லாதவரைத் தகுதியற்றவர் என்கிறது.

என்னிடம் முதுகலை ஆய்வேடு எழுதிய ஒரு மாணவியின் கதையைச் சொல்கிறேன். அவளும் உப்பளக் குடும்பத்துப் பெண். எழுத்துத் தேர்வில் நல்ல மதிப்பெண். கருத்தரங்க வகுப்பில் ஒரு வார்த்தை பேசமாட்டாள். என் அறை வாசல் வரை வந்து நின்றுவிட்டுத் திரும்பிப் போவாள். ‘ஆர்வமில்லை’ என்று சக ஆசிரியர் ஒருவர் எழுதினார். நானும் ஒரு பருவம் முழுக்க அப்படித்தான் நினைத்தேன். என் பிழையையும் இங்கே சேர்த்துத்தான் எழுத வேண்டும்.

ஒப்பாரி பற்றிய அவளுடைய முதல் வரைவில் நூலாசிரியர்கள் சொன்னதெல்லாம் பணிவாகத் தொகுக்கப்பட்டிருந்தன. ‘விமர்சனப் பார்வை இல்லை’ என்று ஓரத்தில் எழுதினேன். பிறகு பேச்சுவாக்கில் அவள் சொன்னாள். ஒப்பாரி சாவு வீட்டில் மட்டுமே பாடப்படுவது என்று அவள் மேற்கோள் காட்டிய நூல் சொல்கிறது. அவளுடைய பாட்டியோ யாரும் சாகாத நாட்களிலும், தனியாக இருக்கும்போது, தன் வாழ்க்கையை நினைத்துப் பாடிக்கொண்டிருந்தவள்.

“இதை ஏம்மா எழுதல?” என்று கேட்டேன்.

“பெரியவங்க எழுதனத தப்புன்னு எப்டி மேடம் சொல்றது? அதுவும் எங்க பாட்டிய வச்சி.”

விமர்சனப் பார்வை அவளிடம் இருந்தது. அதை அவள் அழித்துவிட்டுக் கொடுத்திருந்தாள். பெரியவர்களிடம் கேள்வி கேட்டால் ‘எதிர்த்துப் பேசுறியா’ என்று அடக்கப்பட்டு வளர்ந்தவளுக்கு அதுதான் மரியாதை. பெண் பிள்ளைக்கு அந்தப் பாடம் இரண்டு மடங்கு. வகுப்பில் பேசாததற்கு இன்னொரு காரணமும் இருந்தது. முதலாண்டில் அவள் ‘படிச்சிகினு’ என்றபோது பின்வரிசையில் சிரிப்பு எழுந்ததாம். தமிழ்த் துறையில் சேர்ந்த நாளிலேயே அவளுடைய தமிழ் தவறாகிவிட்டது.

இது இயலாமையா, சொல்லப்படாத விதியா என்று கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. விதியை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்க வேண்டும். ‘நூலாசிரியரோடு ஓரிடத்திலாவது முரண்படு, அதற்கு மதிப்பெண் உண்டு’ என்று தாளில் எழுதிக் கொடுத்தேன். விவாதக் கேள்விகளை ஒரு வாரம் முன்பே கொடுத்தேன். அறைக்கு வரும் நேரத்தைக் கதவில் ஒட்டினேன். வருவது சலுகை இல்லை, பாடத்தின் பகுதி என்றேன். இயலாமை என்றால் இதனால் எதுவும் மாறியிருக்காது. அடுத்த வரைவில் பாட்டி இரண்டு பக்கம் வந்தாள்.

நம் கருத்தரங்குகளில் இந்தச் சொற்கள் தலைகீழாகிவிடுகின்றன. ‘அந்தப் பிள்ளைகளிடம் பண்பாட்டு மூலதனம் இல்லை’ என்கிறோம். முன்பு ‘சூட்டிகை போதாது’ என்றதன் புதுப்பெயராக அது ஆகிவிடுகிறது. 2005இல் அமெரிக்க ஆய்வாளர் தாரா யோசோ எழுப்பிய கேள்வி இதுதான்: யாருடைய பண்பாட்டுக்கு மூலதனம் என்ற மதிப்பு தரப்படுகிறது? அம்மாவின் கைப்பதமும் பாட்டியின் ஒப்பாரியும் அறிவுதான். அதற்கு மதிப்பெண் போடும் கட்டம் நம் தாளில் இல்லை.

அரசும் இதே குழப்பத்தில்தான் இருக்கிறது. தமிழ்நாட்டில் 2010 முதல், தொழிற்கல்வியில் சேரும் முதல் பட்டதாரிக்குக் கல்விக் கட்டணச் சலுகை உண்டு. நல்ல திட்டம், பல வீடுகளில் விளக்கேற்றியது. ஆனால் சலுகை ஒரு குடும்பத்தில் ஒருவருக்குத்தான். அண்ணன் பட்டம் வாங்கிவிட்டால் தங்கை முதல் பட்டதாரி இல்லை. பட்டத்தைக் குடும்பச் சொத்தாக எண்ணுகிற கணக்கு இது. அண்ணன் விடுதியிலும் நண்பர்களிடமும் கற்றுக்கொண்டது அவன் உடம்பில் இருக்கிறது. மாலை ஆறு மணிக்குள் வீடு திரும்ப வேண்டிய தங்கைக்கு அது தானாக வந்து சேராது. தாளில் இரண்டாமவளாக இருந்தாலும் வகுப்பறையில் அவள் முதல் தலைமுறைதான்.

இந்தக் கருத்துகளுக்கு எல்லையும் உண்டு. பூர்தியூவின் பிரான்ஸ் வர்க்கத்தால் பிரிந்தது. இங்கே ‘எந்தப் பக்கம் வீடு, ஊரா காலனியா?’ என்று கேட்கும் குரலை ஹாபிட்டஸ் என்ற சொல்லால் மட்டும் விளக்க முடியாது. விதியைத் தெரிந்துகொண்டு, அச்சுப் பிசகாமல் பேசுகிற தலித் மாணவிக்கும் நேர்முகத் தேர்வில் மதிப்பெண் குறையலாம். அதன் பெயர் சாதிப் பாகுபாடு. அதைப் ‘பழக்கக் குறைவு’ என்று மென்மையாகச் சொன்னால் குற்றம் மறுபடி அவள் தலையில்தான் விழும்.

அந்த மாணவியின் வாய்மொழித் தேர்வில், வெளியிலிருந்து வந்த தேர்வாளர் பாட்டியைப் பற்றிக் கேட்டார். அவள் பதில் சொன்னாள். நடுவில் ஒருமுறை ‘பாடிகினு’ என்றாள், நிறுத்தினாள், திருத்திக்கொள்ளாமல் தொடர்ந்தாள். அந்த நிறுத்தத்தில் நான் பார்த்தது, அடுத்த பருவம் நான் மாற்ற வேண்டிய பாடத்திட்டத்தை.