குளிரிலிருந்து கதகதப்புக்கு நான்கு படிகள்

ஆலிஸ் கதைகளை எழுதிய லூயிஸ் கரோல், ஆக்ஸ்ஃபோர்டில் கணிதம் கற்பித்தவர். 1877 கிறிஸ்துமஸ் சமயத்தில், பொழுது போகாமல் இருந்த இரண்டு சிறுமிகளுக்காக அவர் ஒரு விளையாட்டை உண்டாக்கினார். ஒரே நீளமுள்ள இரண்டு சொற்களைக் கொடுப்பார். ஒரு சமயத்தில் ஓர் எழுத்தை மட்டும் மாற்றி ஒன்றிலிருந்து மற்றதற்குப் போக வேண்டும். நடுவில் வருவது ஒவ்வொன்றும் உண்மையான சொல்லாக இருக்க வேண்டும். 1879இல் லண்டனின் ‘வேனிட்டி ஃபேர்’ இதழ் இதைப் போட்டியாக வெளியிட்டது. அப்போது அதன் பெயர் ‘டப்லெட்ஸ்’. இன்று உலகம் அதைச் சொல் ஏணி என்கிறது. அதை விளக்க எல்லோரும் அடிக்கடி எடுத்துக்காட்டும் ஏணி, குளிரிலிருந்து கதகதப்புக்குப் போவது.

```
COLD
CORD
CARD
WARD
WARM
```

குளிர், கயிறு, அட்டை, வார்டு, கதகதப்பு. இரண்டு முனைகளில்தான் பொருள் இருக்கிறது. இடையில் வெப்பம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றமே. அதை நான் குறையாகக் கொள்ளவில்லை. எதிரெதிரான இரண்டு பொருள்களை நான்கு எழுத்து மாற்றம் பிரிக்கிறது என்று காண்பதே இதன் இன்பம். நான் எடைபோட விரும்புவது வேறு: இந்த ஏணி எதைக் கற்றுத் தருகிறது, எதைத் தவறாகக் கற்றுத் தருகிறது?

முதலில் அதன் அழகு. தொடக்கச் சொல்லுக்கும் முடிவுச் சொல்லுக்கும் எந்த இடத்திலும் ஒரே எழுத்து இல்லை. நான்கு இடம், நான்கு வேறுபாடு. ஆகவே நான்கு மாற்றத்துக்குக் குறைவாக யாராலும் முடிக்க முடியாது. நான்கிலேயே முடிய வேண்டுமென்றால் ஒரு மாற்றம்கூட வீணாகக் கூடாது. ஒவ்வொன்றும் முடிவுச் சொல்லின் ஓர் எழுத்தைக் கொண்டுவந்து வைத்தாக வேண்டும். எந்த எழுத்தை முதலில் வைப்பது, எதை அடுத்து என்று வரிசைப்படுத்தினால் 24 வழிகள் வரும். அவற்றில் பெரும்பாலானவை முதல் அடியிலேயே முறிந்துவிடுகின்றன. இரண்டாம் எழுத்தை முதலில் மாற்றினால் CALD, கடைசி எழுத்தை மாற்றினால் COLM. இரண்டும் சொல் அல்ல. அன்றாடச் சொற்களை மட்டும் ஏற்றால் மேலே கண்டதோடு இன்னும் இரண்டு வழிகளே மிஞ்சுகின்றன.

```
COLD CORD WORD WARD WARM
COLD CORD WORD WORM WARM
```

மூன்றும் கயிற்றில்தான் தொடங்குகின்றன. பிறகு அட்டை வழியாகவோ, ‘சொல்’ என்ற சொல் வழியாகவோ, புழு வழியாகவோ பிரிகின்றன.

இந்தச் சின்ன வரைபடத்தில் நான் மிகவும் ரசிப்பது ஒரு பொறி. CALM என்ற சொல்லைப் பாருங்கள். அமைதி. அதன் இரண்டு எழுத்துகள் குளிரிலிருந்து வந்தவை, இரண்டு கதகதப்பிலிருந்து. சரியாகப் பாதி வழியில் நிற்கும் சொல்போலத் தோன்றுகிறது. ஆனால் அதற்குள் நுழையும் இரண்டு நேர்வாசல்களும் நாம் இப்போது கண்ட அந்த CALD, COLM, இரண்டும் அடைப்பு. வெளியேறும் பக்கமும் அப்படியே: WALM, CARM என்று அன்றாடச் சொற்கள் இல்லை. சுற்றிக்கொண்டு போய் அதை அடையலாம்.

```
COLD BOLD BALD BALM CALM
```

நான்கு மாற்றம். அதற்குள் கதகதப்பையே தொட்டிருக்கலாம். எழுத்தளவில் அருகில் இருப்பதும் வழியளவில் அருகில் இருப்பதும் ஒன்றல்ல என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் உதாரணம் எனக்குத் தெரியாது. கணினி அறிவியலில் சொல் ஏணி பாடமாக வருவதும் இதனால்தான். டொனால்ட் குனுத் 5757 ஐந்தெழுத்துச் சொற்களை எடுத்து, ஓரெழுத்து மட்டும் வேறுபடும் சொற்களைக் கோடிட்டு இணைத்தபோது, 671 சொற்களுக்கு ஒரு பக்கத்துச் சொல்கூட அமையவில்லை.

அந்த அழகிலிருந்தே முதல் குறையும் பிறக்கிறது. குளிர்–கதகதப்பு ஏணி அளவுக்கு மீறி ஒழுங்கானது. இதை மட்டும் பார்த்துப் பழகியவர், ஒவ்வொரு மாற்றமும் இலக்கின் எழுத்து ஒன்றைக் கொண்டுவர வேண்டும் என்பதையே விதியாக எடுத்துக்கொள்வார். கரோலே போட்ட, தலையிலிருந்து வாலுக்குப் போகும் ஏணி அந்த விதிக்கு அடங்காது.

```
HEAD HEAL TEAL TELL TALL TAIL
```

இங்கும் நான்கு எழுத்தும் வேறுதான், ஆனால் மாற்றம் ஐந்து. மூன்றாம் இடத்தைப் பாருங்கள்: ஏ போய் எல் வருகிறது, அது போய்த்தான் கடைசியில் ஐ வருகிறது. அந்த எல் இலக்கில் அந்த இடத்துக்கு உரியது அல்ல. கடந்து போக மட்டும் போட்ட பலகை. இப்படி விலகி நடக்கத் துணிவதுதான் இந்த விளையாட்டின் உண்மையான திறமை. நம் ஏணி அதைக் கேட்பதே இல்லை. முதல் பாடமாக வைக்கலாம், ஒரே பாடமாக வைக்கக் கூடாது.

அகராதிச் சண்டையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சேப்பங்கிழங்கு போன்ற ஒருவகைக் கிழங்குக்கு CORM என்று பெயர். தாவரவியல் படித்தவருக்கு அது சாதாரணச் சொல். திறந்த மேட்டுநிலத்துக்கு WOLD என்பார்கள். முதலாவதை ஏற்றால் இன்னொரு நான்கு படி வழி திறக்கும், இரண்டாவதை ஏற்றால் மேலும் இரண்டு. எனவே ‘எத்தனை விடை’ என்று கேட்பதற்கு முன் ‘எந்தச் சொற்பட்டியல்’ என்று முடிவு செய்தாக வேண்டும். அதைச் சொல்லாமல் நடத்தும் போட்டியில் தகராறு வரத்தான் செய்யும்.

என்னை உண்மையில் கவலைப்பட வைக்கும் குறை ஒலியில் இருக்கிறது. இந்த ஏணி கண்ணுக்கானது. காதுக்கு அது தெரியாது. அட்டையிலிருந்து வார்டுக்குப் போகும்போது மாறுவது முதல் எழுத்து மட்டும். ஆனால் பிரிட்டிஷ் உச்சரிப்பில் நடுவில் நிற்கும் உயிரொலியும் கூடவே மாறிவிடுகிறது. எழுத்தில் வேறான கயிறும் வார்டும்தான் எதுகையாக ஒலிக்கின்றன. காரணம் டபிள்யூ. அதற்குப் பின் வரும் ஏ பல சொற்களில் ஓ போல ஒலிக்கும். அதற்குப் பின் வரும் ஓவோ, ஆர் சேர்ந்தால், பெரும்பாலும் ‘வெர்’ என்பதற்கு அருகே போய்விடும். புழுவும் கதகதப்பும் எழுத்தில் ஒன்றாகவும் ஒலியில் இன்னொன்றாகவும் இடம்மாறி நிற்பது இதனால்தான்.

எழுதியபடியே பெருமளவு படிக்கும் மொழியில் வளர்ந்த பிள்ளைக்கு இது பெரிய இடறல். தமிழ்வழியில் படிக்கும் குழந்தை ஓ எழுத்தைப் பார்த்து ‘வோர்ம்’ என்றும், ஏ எழுத்தைப் பார்த்து ‘வார்ம்’ என்றும் படிக்கும்; எழுத்தை நம்பியதுதான் அது செய்த தவறு. ஏணியை எழுதி மட்டும் முடிக்கச் சொன்னால் இந்தத் தவறு வெளியே தெரியாது. நான்கு கட்டமும் சரியாக நிரம்பியிருக்கும், மதிப்பெண்ணும் கிடைத்துவிடும்.

ஆகவே எழுத்துக்கூட்டல் பயிற்சி என்று இதைத் தரும் ஆசிரியர், ஒவ்வொரு படியையும் வாய்விட்டுப் படிக்கச் சொல்ல வேண்டும் என்பது என் கருத்து. எந்தப் படியில் எழுத்து மாறியது, எந்தப் படியில் ஒலி மாறியது என்று இரண்டு நிறத்தில் குறிக்கச் சொல்லலாம். மூன்று வழிகளில் புழு வழியே இதற்கு நல்லது. அதில் கடைசி நான்கு சொற்களும் ஆர் எழுத்தை உயிரெழுத்துக்குப் பின் கொண்டவை. கயிற்றிலிருந்து ‘சொல்’லுக்குத் தாவும்போது மாறியது முதல் எழுத்து என்றாலும் நடு ஒலி புரண்டுவிடும். அடுத்துப் புழுவுக்குப் போகையில் அந்த ஒலி அப்படியே நிற்கும். கடைசியில் ஓ போய் ஏ வந்ததும், கயிற்றில் கேட்ட ஒலி மறுபடி திரும்பி வந்திருக்கும்.