முகூர்த்த நாளும் முட்டுப் பிரிக்கும் நாளும்

வீட்டு வேலையில் கெடு பெரும்பாலும் பஞ்சாங்கத்திலிருந்தே வருகிறது. புதுமனை புகுவிழாவுக்கு நாள் குறித்துவிட்டு, அதற்குள் வேலையை முடிக்கும்படி உரிமையாளர் கேட்கிறார். "முடியாது" என்றால் மனக்கசப்பு. "பார்த்துக்கொள்ளலாம்" என்றால் பொய். எது, எந்த நாளில் தயாராகும் என்று சொல்வதே பொறியாளருக்கு நேர்மையான வழி.

ஒரு மாடி வீட்டில் கீழ்த்தளம் பூச்சு வரை வந்துவிட்டது. மாடிக்கு இன்னும் ரூஃப் போடவில்லை. விழாவுக்கு 45 நாள் இருக்கிறது என்று கொள்வோம். சென்ட்ரிங் அடித்துக் கம்பி கட்டிக் கான்கிரீட் போட 10 நாள் ஆகும். மாடி ஹாலின் அகலம் 18 அடி. தளத்தின் இடைவெளி 4.5 மீட்டரைத் தாண்டினால் முட்டுகளை 14 நாள் பிரிக்கக்கூடாது என்கிறது ஐ.எஸ். 456 விதிநூல். சென்ட்ரிங்கைப் பிரித்து இறக்கும்போது 26 நாள் கடந்திருக்கும். உள்பூச்சுக்கு 10 நாள், அதை நனைக்க 7 நாள் என்று பார்த்தால் 43 ஆகிறது. டைல்ஸ், பட்டி, பெயின்ட் எதற்கும் இடமில்லை.

ஆகவே பொறியாளரின் பதில் இப்படி அமையலாம்: "சமையலறை, பூஜையறை, குளியலறையோடு கீழ்த்தளம் 40ஆம் நாள் தயார்; மாடி 75ஆம் நாள். டைல்ஸை இந்த வாரமே தேர்வு செய்துவிட வேண்டும்." பால் காய்ச்சக் கீழ்த்தளம் போதும். பேச்சு ஆளின் திறமையை விட்டு வேலையின் வரிசைக்கு நகர்வதே இம்முறையின் பெரும்பலம். கூடுதல் ஆள் போட்டால் பூச்சு விரைவாக முடியும், கான்கிரீட் விரைவாக இறுகாது என்பது உரிமையாளருக்கும் அப்போது விளங்குகிறது.

குறையும் இதற்குள்ளேயே இருக்கிறது. 14 நாள் என்பது பொருளின் இயல்பு. 75ஆம் நாள் என்பது மழையையும் கொத்தனார் வருகையையும் நம்பிய மதிப்பீடு. இரண்டையும் ஒரே உறுதியோடு சொன்னால், மாற்றாகச் சொன்ன நாளே அடுத்த பொய்க்கெடு ஆகிவிடுகிறது. இந்தத் தவறே அதிகம் நடக்கிறது.

பிரித்துக் கொடுப்பதிலும் சிக்கல் உண்டு. குடியேறிய பின் மாடியில் பூச்சு நடந்தால் சிமெண்டும் மணலும் அதே படிக்கட்டு வழியாகத்தான் ஏறும். புதுச் சுவரில் கறை படியும். படிக்கட்டு வெளியே இருக்கும் வீட்டில்தான் இந்தப் பிரிவு முழுப்பயன் தரும்.

இன்னொன்று, தன் வசதிக்காக நாளைக் கூட்டிச் சொல்லும் ஒப்பந்தக்காரரும் இதே மொழியில்தான் பேசுவார். இருவரையும் பிரித்தறிய, குறிப்பிட்ட ஒரு வேலையில் ஐந்து நாளைக் குறைத்தால் என்ன கெடும் என்று கேட்கலாம். முட்டுகளை முன்னதாகப் பிரித்தால் தளம் தொய்ந்து அடியில் விரிசல் விடும், ஈரப் பூச்சின்மேல் பெயின்ட் அடித்தால் கொப்புளித்து உரியும் என்பவர் காரணம் அறிந்து நாளைக் கேட்கிறார். "வேலை அப்படித்தான்" என்று நிறுத்திக்கொள்பவரின் நாள்கணக்கை ஒவ்வொரு படியாகப் பிரித்துக் கேட்க வேண்டும்.